லாப ட்ரேடு 22 நிமிடம், நஷ்ட ட்ரேடு 58 நிமிடம்: இந்த இடைவெளியை எப்படிப் படிப்பது?

*“அண்ணா, என்எஸ்இ பங்குகளில் 5 நிமிட சார்ட் வைத்து இன்ட்ராடே செய்கிறேன். ஒரு ட்ரேடுக்கு ₹1,000 ரிஸ்க், டார்கெட் ₹2,000. மூன்று மாதத்தில் 80 ட்ரேடு. 50 லாபம், 30 நஷ்டம். சராசரி லாபம் ₹620, சராசரி நஷ்டம் ₹1,180. லாப ட்ரேடை சராசரியாக 22 நிமிடமும் நஷ்ட ட்ரேடை 58 நிமிடமும் வைத்திருந்திருக்கிறேன். முழு டார்கெட்டைத் தொட்டவை 8 மட்டுமே, அவற்றுக்குச் சராசரியாக 70 நிமிடம் ஆனது. நஷ்டத்தில் மாட்டிய இரண்டு பங்குகளை டெலிவரியாக மாற்றி வைத்திருக்கிறேன், அவை இந்தக் கணக்கில் இல்லை. நான் லாபத்தைச் சீக்கிரம் வெட்டுகிறேனா?”*

ஆமாம் தம்பி, வெட்டுகிறீர்கள். ஆனால் அதைக் காட்டிக்கொடுப்பது 22-க்கும் 58-க்கும் உள்ள வித்தியாசம் அல்ல. நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த 8 ட்ரேடுகள்தான். அதோடு, உங்கள் பணம் போகிற பெரிய ஓட்டை வேறொரு இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

50 லாப ட்ரேடுகளுக்கும் சேர்த்து நீங்கள் காத்திருந்தது 1,100 நிமிடம். அதில் டார்கெட் தொட்ட 8 ட்ரேடுகள் மட்டும் 560 நிமிடத்தை எடுத்துக்கொண்டன. மீதி 540 நிமிடத்தை 42 ட்ரேடுகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்குச் சுமார் 13 நிமிடம். 5 நிமிட சார்ட்டில் அது மூன்று கேண்டில்கூட முழுதாக இல்லை. பணத்தையும் அதேபோல் பிரித்துப் பாருங்கள். மொத்த லாபம் ₹31,000. அதில் 8 ட்ரேடுகள் கொண்டுவந்தது ₹16,000. மற்ற 42-ம் சேர்ந்து ₹15,000, அதாவது ட்ரேடுக்குச் சுமார் ₹357. “சராசரி லாபம் ₹620” என்ற ஒற்றை எண்ணுக்குள் இரண்டு வேறு வேறு பழக்கங்கள் ஒளிந்திருக்கின்றன. எப்போதாவது பொறுமையாக இருந்தபோது ₹2,000 வந்தது, மற்ற நேரமெல்லாம் முந்நூறு நானூறு ரூபாயைக் கண்டதும் வெளியே வந்துவிட்டீர்கள்.

உங்கள் முறையில் ஒரு ட்ரேடு பழுக்க 70 நிமிடம் ஆகிறது என்று உங்கள் ட்ரேட்புக்கே சொல்கிறது. நீங்கள் 13-வது நிமிடத்தில் பறிக்கிறீர்கள். லாப ட்ரேடை நஷ்ட ட்ரேடோடு ஒப்பிடுவதைவிட, முழு டார்கெட் தொட்ட லாப ட்ரேடை இடையில் வெட்டிய லாப ட்ரேடோடு ஒப்பிடுவது நேரடியான சான்று என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்படியானால் லாப நேரத்தையும் நஷ்ட நேரத்தையும் ஒப்பிடுவதில் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். பலர் “நஷ்ட நேரம் அதிகமாக இருந்தால் தப்பு, லாப நேரம் அதிகமாக இருந்தால் சரி” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. ஸ்டாப்லாஸ் பக்கத்திலும் டார்கெட் தூரத்திலும் இருந்தால், டார்கெட்டுக்குப் போய்ச் சேர இயல்பாகவே அதிக நேரம் ஆகும். டார்கெட் பக்கத்தில் இருந்தால் லாப ட்ரேடுகள் இயல்பாகவே சீக்கிரம் முடியும். அதில் மனசின் பலவீனம் எதுவும் இல்லை, வெறும் தூரக் கணக்குதான்.

அந்தத் தூரக் கணக்கைப் போட்டுவிடலாம். விலை எந்தப் பக்கமும் சாயாமல் ஏறி இறங்கி அலைகிறது, கீழே ஒரு சுவர் ஸ்டாப்லாஸ், மேலே ஒரு சுவர் டார்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்கெட் தூரத்தை ஸ்டாப்லாஸ் தூரத்தால் வகுத்தால் வருவது `k`. அப்போது லாப ட்ரேடின் சராசரி நேரத்தை நஷ்ட ட்ரேடின் சராசரி நேரத்தால் வகுத்தால் வரவேண்டிய விகிதம் இது:

```
k*(k+2)/(1+2*k)
```

1:1 என்றால் விகிதம் 1. உங்கள் திட்டம் 1:2, அதாவது `k` = 2. அதற்கு 1.6 வரும். 1:3-க்கு ஏறக்குறைய 2.1. டார்கெட் ஸ்டாப்லாஸில் பாதி தூரமே என்றால் 0.6-ஐ ஒட்டி வரும். சந்தை ஒரே பக்கமாகப் பலமாக ஓடும் நாட்களில் இந்த விகிதம் `k`-யை நோக்கி நகரும், உங்கள் 1.6 என்பது 2-ஐ நெருங்கும். உண்மையான சந்தையில் கேப் உண்டு, காலை 9:15-க்கு இருக்கும் வேகம் மதியம் 1 மணிக்கு இருக்காது. அதனால் இதைத் தராசாக நினைக்காதீர்கள், முழக்கயிறாக நினையுங்கள்.

திட்டப்படி நடந்திருந்தால் 1.6-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டியது, உங்களுக்கு 22/58, அதாவது 0.38. நீங்கள் எழுதி வைத்த திட்டமும் கையால் செய்ததும் வேறு வேறு என்பதற்கு இதுவே போதும். இன்னொரு படி போகலாம். உண்மையில் கிடைத்த ₹620-ஐ ₹1,180-ஆல் வகுத்தால் `k` சுமார் 0.53. அதை மேலே உள்ள வாய்பாட்டில் போட்டால் 0.65 வருகிறது. லாபத்தைச் சீக்கிரம் வெட்டுவது மட்டுமே குறை என்றால் உங்கள் விகிதம் 0.65 பக்கம் நின்றிருக்க வேண்டும். அது 0.38 வரை இறங்கியிருப்பதற்கு, கீழே இருக்கும் 58 என்ற எண்ணும் வீங்கியிருப்பதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நஷ்டத்தில் இருக்கும்போது காத்திருக்கிறீர்கள்.

பணமும் அதையே சொல்கிறது. ட்ரேடுக்கு ₹1,000-க்கு மேல் இழப்பதில்லை என்று முடிவு செய்தவர் சராசரியாக ₹1,180 இழந்திருக்கிறீர்கள். 30 ட்ரேடுகளில் அது ₹5,400 கூடுதல். புரோக்கரேஜுக்கும் எஸ்டிடிக்கும் முன்னால் உங்கள் நிகர நஷ்டம் எவ்வளவு? ₹35,400-லிருந்து ₹31,000 போக ₹4,400. ஸ்டாப்லாஸை மட்டும் மதித்திருந்தால், லாபத்தை இப்படி வெட்டிக்கொண்டே இருந்தும்கூட, செலவுக்கு முன் கணக்கு பச்சையில் இருந்திருக்கும். இதைத்தான் முதலில் பெரிய ஓட்டை என்றேன். சராசரியே ₹1,180 என்றால் சில ட்ரேடுகள் ₹2,000-ஐக்கூடத் தாண்டியிருக்கலாம். 30 நஷ்டங்களையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் ஐந்தின் நேரத்தைப் பாருங்கள். 58 என்ற சராசரியை அந்த ஐந்துதான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்காகவே சராசரியோடு மீடியனையும், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணையும், எடுங்கள். ஷீட்டில் B-யில் நுழைந்த நேரம், C-யில் வெளியேறிய நேரம், D-யில் நிமிடம், E-யில் லாப நஷ்டம் என்று வையுங்கள்.

```
=(C2-B2)*1440
=MEDIAN(FILTER(D2:D81,E2:E81>0))
=MEDIAN(FILTER(D2:D81,E2:E81<0))
```

நஷ்டத்தின் மீடியன் 25 நிமிடமும் சராசரி 58 நிமிடமும் என்று வந்தால், நீங்கள் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் வெளியேறுகிறீர்கள், சில ட்ரேடுகளில் மட்டும் பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று பொருள். மீடியனே 50-க்கு மேல் என்றால் அது தினசரிப் பழக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒரே ட்ரேடை இரண்டு மூன்று தடவையாக விற்றிருந்தால், எண்ணிக்கையை வைத்து எடையிட்டு ஒரே வெளியேறிய நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி விற்ற லாபம் ஒரு தனிக் குட்டி ட்ரேடாகப் பதிவாகி லாப நேரத்தைப் பொய்யாகக் குறைக்கும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். 13 நிமிடத்தில் வெளியே வந்ததால் உங்களுக்கு உண்மையில் பணம் போனதா? சீக்கிரம் வெளியேறுவது தன்னளவில் நஷ்டம் இல்லை. நீங்கள் வெளியேறிய இடத்துக்குப் பிறகு விலை எந்தப் பக்கமும் சாயாமல் அலைந்திருந்தால், உள்ளே இருந்தாலும் வெளியே வந்தாலும் நீண்ட கால சராசரி ஒன்றுதான். வெளியேறிய பிறகும் உங்கள் பக்கம் சாய்வு மிச்சம் இருந்தது என்று காட்டினால் மட்டுமே “வெட்டியதால் போனது” என்று சொல்லலாம். எவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்ற எண்ணால் அதைக் காட்ட முடியாது, அது சந்தேகத்தைக் கிளப்புவதோடு நின்றுவிடும். மீதியைச் சார்ட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

நான் இதை முதலில் செய்தபோது என்னுடைய 36 எக்ஸிட்களை எடுத்துக்கொண்டேன். எல்லாமே லாபத்தில், டார்கெட்டுக்கு முன்பே வெளியேறியவை. ஒவ்வொன்றுக்கும் வெளியேறிய கேண்டிலிலிருந்து தொடங்கி, ஆரம்பத்தில் எழுதி வைத்த அதே ஸ்டாப்லாஸும் அதே டார்கெட்டும் இருந்தால் எது முதலில் தொடப்பட்டிருக்கும் என்று பார்த்தேன். இரண்டும் தொடப்படாவிட்டால் மாலை 3:15 விலை. ஒரே கேண்டிலில் இரண்டும் தொடப்பட்டால் ஸ்டாப்லாஸ் முதலில் போனதாக வைத்துக்கொண்டேன், சந்தேகத்தின் பலனை எனக்கு நானே கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

17 ட்ரேடுகள் டார்கெட் தொட்டன. 11 ட்ரேடுகள் ஸ்டாப்லாஸில் முடிந்தன. 8 ட்ரேடுகள் நடுவில் நின்று, 3:15-க்குச் சராசரியாக ₹600 லாபத்தில் இருந்தன. எனக்கும் அப்போது ரிஸ்க் ₹1,000, டார்கெட் ₹2,000. 34,000-லிருந்து 11,000 கழித்து 4,800 கூட்டினால் ₹27,800. நான் உண்மையில் எடுத்தது ட்ரேடுக்கு ₹580 வீதம் ₹20,880. ஆக, பறிகொடுத்தது சுமார் ₹6,900, ட்ரேடுக்கு 190 ரூபாய் அளவில். 36 என்பது சிறிய எண்ணிக்கை. அந்த 17-இல் நான்கு ட்ரேடுகள் ஸ்டாப்லாஸ் பக்கம் போயிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். அதனால்தான் உங்கள் 42-ஐயும் முழுவதுமாகப் பாருங்கள் என்கிறேன், நினைவில் நிற்கும் ஐந்தாறை மட்டும் எடுக்காதீர்கள். நினைவில் நிற்பவை எல்லாம் வெளியேறியதும் பறந்துபோனவைதான். வெளியேறியதும் விழுந்தவற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

இந்தச் சோதனையில் எல்லோரும் செய்யும் ஒரு தப்பு உண்டு. அன்றைய உச்ச விலையைப் பார்த்து “அங்கே விற்றிருந்தால்” என்று கணக்குப் போடுவது. அந்த உச்சம் உச்சம்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே எழுதியிருந்த டார்கெட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அந்த 36-இல் ஒன்று இன்னும் எனக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது. காலை 9:40-க்கு ₹412-இல் 250 பங்கு வாங்கினேன். ஸ்டாப்லாஸ் 408, டார்கெட் 420. 9:51-க்கு 413.60, திரையில் ₹400 பச்சையாக ஓடியது. அடுத்து ஒரு சிவப்புக் கேண்டில் தொடங்கியது. 400 என்பது 350 ஆகி 300 ஆனது. அந்தக் குறைகிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. 9:53-க்கு 413.20-இல் விற்று ₹300-ஐ எடுத்துக்கொண்டேன். 10:20-க்கு விலை 411.10 வரை இறங்கியது. “நல்ல வேளை, வந்துவிட்டோம்” என்று நிம்மதியாக வேறு பங்கைப் பார்க்கப் போய்விட்டேன். 11:05-க்கு அது 420-ஐத் தொட்டது. அப்போது அந்தச் சார்ட் என் திரையில் இல்லை.

இந்தப் பழக்கம் வேரூன்றுவது இப்படித்தான். வெளியேறிய 27 நிமிடத்தில் “நீ செய்தது சரி” என்று சந்தை தட்டிக்கொடுத்தது. ஒன்றே கால் மணி நேரம் கழித்து “தப்பு” என்று சொன்னபோது கேட்க நான் அங்கே இல்லை. 408 வரை பொறுப்பேன் என்று எழுதி வைத்திருந்தவன் 413-க்கே பயந்தேன் என்பதும் ட்ரேட்புக்கைப் புரட்டும் வரை உறைக்கவில்லை.

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் உள்ள குணம் அல்ல. லாபத்தைச் சீக்கிரம் விற்று நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு இருக்கும் போக்குக்கு 1985-இல் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் ‘டிஸ்பொசிஷன் எஃபெக்ட்’ என்று பெயர் வைத்தார்கள். 1998-இல் டெரன்ஸ் ஓடியன் அமெரிக்காவின் ஒரு தள்ளுபடி புரோக்கரிடம் இருந்த 10,000 கணக்குகளை, 1987 முதல் 1993 வரையிலான வர்த்தகத்தை வைத்து ஆராய்ந்தார். விற்க வாய்ப்பிருந்த லாபங்களில் 14.8 சதவீதத்தை விற்றவர்கள், நஷ்டங்களில் 9.8 சதவீதத்தை மட்டுமே விற்றிருந்தார்கள். அவர்கள் விற்ற லாபப் பங்குகள், விற்காமல் வைத்துக்கொண்ட நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி அதிகம் ஏறின.

ஓடியன் நேரத்தை அளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விற்றதை மட்டும் பார்க்காமல், விற்கும் நாளில் கையில் விற்காமல் இருந்தவற்றையும் சேர்த்து எண்ணினார். உங்கள் கணக்கில் விடுபட்டிருப்பது அதுதான். டெலிவரியாக மாற்றிய அந்த இரண்டு பங்குகளும் ட்ரேட்புக்கில் முடிந்த ட்ரேடாக இல்லை. ஆனால் உங்கள் நஷ்டங்களிலேயே நீளமானவை அவைதான். ஸ்விங் செய்பவர்களிடம் இது இன்னும் மோசமாக ஏமாற்றும். நஷ்டத்தில் விழுந்ததெல்லாம் ‘நீண்ட கால முதலீடு’ என்று மாறிவிடும். முடிந்த ட்ரேடுகளை மட்டும் பார்த்தால் நஷ்ட நேரம் குறைவாக, அழகாகத் தெரியும்.

எல்லா முறைக்கும் இந்த ஒப்பீடு ஒரே பொருளைத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்ஷன் விற்பவர் பிரீமியம் கரையும் வரை, சில நேரம் எக்ஸ்பைரி வரை காத்திருப்பார், நஷ்டமென்றால் ஸ்டாப்லாஸில் சட்டென்று வெளியேறுவார். அவருக்கு லாப நேரம் எப்போதும் நீளமாகவே இருக்கும், அதில் ஒழுக்கத்துக்குச் சான்று ஏதும் இல்லை. ஆப்ஷன் வாங்குபவருக்கு நேர்மாறு. நீங்கள் இரண்டு மூன்று முறைகளைக் கலந்து செய்கிறீர்கள் என்றால், முறைவாரியாகப் பிரித்த பிறகே நேரத்தை எடுங்கள். பிரித்ததும் ஒவ்வொன்றிலும் பத்து ட்ரேடுதான் தேறுகிறது என்றால் முடிவுக்கு வராமல் இன்னும் சேரும் வரை பொறுங்கள்.

இப்போதைக்கு நான் செய்யச் சொல்வது இரண்டு. முதலில் 42 எக்ஸிட்களையும் மேலே சொன்னபடி சார்ட்டில் ஓட்டிப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கூட்டிப் பார்க்கும்போது ₹15,000-ஐவிடத் தெளிவாகப் பெரிய எண் வந்தால், வெட்டுவது உங்களுக்குச் செலவு வைக்கிறது. அதே அளவிலோ குறைவாகவோ வந்தால், உங்கள் என்ட்ரி முதல் கால் மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதில்லை. அப்போது மாற்ற வேண்டியது ₹2,000 என்ற டார்கெட்டையும் அதற்கேற்ப ஸ்டாப்லாஸையும்தான். பொறுமையை வளர்ப்பதால் அங்கே ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது, அடுத்த 30 ட்ரேடுக்கு, நுழைந்த உடனே ஸ்டாப்லாஸ் ஆர்டரைச் சந்தையில் போட்டுவிடுங்கள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். லாபத்தில் இருக்கும்போது கை துறுதுறுத்தால் பாதியை மட்டும் விற்று மீதிப் பாதியை அதே ஸ்டாப்லாஸ், அதே டார்கெட்டோடு விடுங்கள். விற்ற பாதியின் விலையும் விட்ட பாதியின் விலையும் பக்கத்துப் பக்கத்தில் ஷீட்டில் விழும். ஒரே ட்ரேடில், ஒரே நாளில், வெட்டியதும் வெட்டாததும் தானாகவே ஒப்பிடப்பட்டுவிடும். பாதி விற்றபின் ஸ்டாப்லாஸை வாங்கிய விலைக்கு ஏற்றாதீர்கள். என்னுடைய அந்த 412 ட்ரேடில் அப்படி ஏற்றியிருந்தால், 10:20-க்கு 411.10 வந்தபோதே மீதிப் பாதியும் போயிருக்கும்.

டெலிவரியாக மாறிய அந்த இரண்டு பங்குகளை வாங்கிய தேதியிலிருந்து இன்று வரை சந்தை நிமிடங்களாக எண்ணுங்கள், ஒரு நாளைக்கு 375 நிமிடம். ஒன்று 19 வர்த்தக நாள், மற்றது 33 நாள் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 19,500 நிமிடம். உங்கள் 30 நஷ்டங்களின் மொத்தம் 1,740 நிமிடம்தான். சேர்த்து 32-ஆல் வகுத்தால் நஷ்ட ட்ரேடின் சராசரி நேரம் 58-லிருந்து 660 நிமிடத்துக்கு மேல் போய்விடும், மீடியன் அநேகமாக அசையாது. ஆகவே அவற்றைச் சராசரியில் கலக்காமல் ஷீட்டின் மேலேயே தனி வரிகளாக, இன்றைய விலைக்கு உள்ள நஷ்டத்தோடு எழுதி வையுங்கள். அந்தத் தொகையையும் ₹4,400-ஓடு கூட்டினால் வருவதுதான் இந்த மூன்று மாதத்தின் உண்மையான கணக்கு.